எட்டு மடையை வைத்து 0.004 வருமா?

கேள்வி: அண்ணாச்சிமார் யாராவது உதவுங்கள். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரே கால்வாயில் உள்ள 8 மடைகளில் நாலைக் குலுக்கி எடுத்து, பிசான நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில் தண்ணீர் விட, வயலின் நீர்மட்டம் காட்டும் அளவுக் குழாய் கொடுத்தோம். மடைக்கு 20 விவசாயி, மொத்தம் 160 பேர். பருவம் முழுக்க எத்தனை தடவை பாய்ச்சினார்கள் என்று கேட்டோம். மடைவாரி சராசரி, முழு எண்ணில்: குழாய் கொடுத்தவை 19, 21, 22 (மூன்றும் கடைமடை), 26 (தலைமடை). கொடுக்காதவை 24 (கடைமடை), 27, 28, 30 (மூன்றும் தலைமடை). R-இல் கிளஸ்டர் திட்டப்பிழை போட்டதில் பி மதிப்பு 0.004. நெறியாளரோ "எட்டு கிளஸ்டரை வைத்து இதை நம்ப முடியாது, ராண்டமைசேஷன் இன்ஃபரன்ஸ் செய்" என்கிறார். ஏன், எப்படிச் செய்வது? முதல் குலுக்கலில் நாலும் கடைமடையாக வந்ததால் மறுபடி குலுக்கினோம். அது பரவாயில்லையா?

பதில்:

போகிற போக்கில் கடைசியாக ஒரு வரி சொன்னீர்களே, அந்த மறுகுலுக்கல்தான் இங்கே பெரிய விஷயம். அதற்கு வருகிறேன். நான் பாளையங்கோட்டையில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து வருகிறவன். வயல் சோதனைகளின் கணக்கும் பார்த்துக் கொடுப்பேன். நெல் விவசாயத்தில் நிபுணன் இல்லை. அதனால் குழாய் நல்லதா கெட்டதா என்று சொல்ல மாட்டேன். உங்கள் எண்கள் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த 0.004 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். குழாய் கொடுத்த நாலு மடையின் சராசரி 22, கொடுக்காத நாலின் சராசரி 27.25. வித்தியாசம் 5.25 பாய்ச்சல். எல்லா மடையிலும் சமமாக 20 பேர் என்பதால், R கொடுத்த கிளஸ்டர் திட்டப்பிழையை இந்த எட்டு எண்ணிலிருந்தே திரும்பக் கணக்கிட முடிகிறது: சுமார் 1.79. வகுத்தால் 2.93. இதுவரை பெரிய தவறில்லை. அடுத்த படியில்தான் வழுக்குகிறது. 2.93 என்பது எவ்வளவு அபூர்வம் என்று பார்க்க R எடுத்துக்கொண்ட அட்டவணை, 160 பேரிலிருந்து இரண்டைக் கழித்து 158 வரையற்ற பாகை, அதாவது 158 தனித்தனிச் சான்று இருப்பதாகக் கொண்டது. ஆனால் நீங்கள் குலுக்கியது 160 பேரை அல்ல, எட்டு மடையை. மடை திறந்தால் அந்தப் பற்று முழுவதற்கும் தண்ணீர்; மூடினால் எல்லோருக்கும் இல்லை. ஒரே மடையில் இன்னும் நூறு பேரைக் கேட்டிருந்தாலும் மடைக்கும் மடைக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. எட்டிலிருந்து இரண்டு போக ஆறு என்பதுதான் நேர்மையான எண். எட்டு மடைச் சராசரியை மட்டும் வைத்துச் சாதாரண டி சோதனை போட்டாலே பி மதிப்பு 0.035-க்கு ஏறிவிடும்.

திட்டப்பிழையிலும் ஒரு சின்ன ஓட்டை உண்டு. ஒவ்வொரு அணியிலும் நாலே மடை. அந்த நாலின் சராசரியை அதே நாலிலிருந்து எடுத்து, அதிலிருந்தே விலகலையும் எடுக்கிறோம். அப்படி எடுத்த விலகல் எப்போதும் கொஞ்சம் சின்னதாகத்தான் வரும். அதற்காகத்தான் நாலுக்குப் பதில் மூன்றால் வகுக்கிறோம். கிளஸ்டர் சூத்திரத்தின் வழக்கமான திருத்தம் உங்கள் விஷயத்தில் 3.5-ஆல் வகுத்ததற்குச் சமம். நூறு மடை இருந்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அந்தச் சூத்திரம் அப்படி நிறைய கிளஸ்டர் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டது. உங்கள் நெறியாளர் தேவையில்லாமல் கெடுபிடி செய்கிறார் என்று நினைக்க வேண்டாம். அல்வின் யங் என்ற பொருளியலாளர் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் இதழ்களில் வந்த 53 சோதனைக் கட்டுரைகளை, ராண்டமைசேஷன் இன்ஃபரன்ஸ் என்ற குலுக்கல் முறையில் திரும்பக் கணக்கிட்டுப் பார்த்தார். தனித்தனி விளைவுகளில் 'முக்கியம்' என்று சொல்லப்பட்டவை சராசரியாக 13 முதல் 22 சதவீதம் குறைந்தன.

சரி, குலுக்கல் முறை என்ன செய்கிறது? எந்த அட்டவணையையும் நம்புவதில்லை. ஒன்றே ஒன்றைத்தான் நம்புகிறது: நீங்கள் உண்மையாகவே குலுக்கினீர்கள். பிறகு இப்படி யோசிக்கிறது. குழாயால் எந்த மடையிலும் எந்த மாற்றமும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 19 வந்த மடையில் குழாய் கொடுக்காமல் விட்டிருந்தாலும் 19-தான் வந்திருக்கும். 30 வந்த மடையில் கொடுத்திருந்தாலும் 30-தான். எட்டு எண்ணும் அசையாமல் இருக்கும், 'குழாய்' என்ற சீட்டு மட்டும்தான் இடம் மாறும். எட்டில் நாலைத் தேர்ந்தெடுக்க 70 வழி. அந்த எழுபதுக்கும் வித்தியாசத்தைக் கணக்கிட்டு, உங்களுக்குக் கிடைத்த அளவோ அதைவிடப் பெரிதாகவோ எத்தனை வருகிறது என்று எண்ணினால் முடிந்தது. 1935-ல் புள்ளியியலாளர் ஃபிஷர், பாலை முதலில் ஊற்றியதா என்று சுவைத்துச் சொல்லும் தேநீர்ச் சோதனையை விளக்கியபோதும் கணக்கு இதேதான்: எட்டுக் கோப்பை, அதில் நாலில் பாலை முதலில் ஊற்றியது, 70 வழி.

உங்கள் எண்ணுக்கு இதைக் கையாலேயே செய்துவிடலாம். எட்டையும் வரிசையாக வையுங்கள்: 19, 21, 22, 24, 26, 27, 28, 30. குழாய் அணியின் கூட்டுத்தொகை 19+21+22+26, அதாவது 88. எந்த நாலை எடுத்தால் கூட்டுத்தொகை 88 அல்லது அதற்குக் கீழே வரும்? 19, 21, 22, 24 எடுத்தால் 86. உங்களுடையது 88. அடுத்தது 19, 21, 22, 27. அது 89, தாண்டிவிட்டது. ஆக இரண்டே இரண்டு. மறுபுறம், குழாயால் பாய்ச்சல் கூடியதுபோல் அதே அளவு வித்தியாசம் காட்டுபவையும் இரண்டு. மொத்தம் நாலு. 70-ல் 4 என்றால் 0.057. உங்கள் 0.004 பதினாலு மடங்கு பெருத்துவிட்டது, 'முக்கியம்' என்று சொல்ல வழக்கமாக வைக்கும் 0.05 என்ற கோட்டையும் தாண்டிவிட்டது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, பலரும் இதில்தான் விழுகிறார்கள். 160 பேரின் தரவுத்தாளை அப்படியே வைத்துக்கொண்டு, 'குழாய்' என்ற நெடுவரிசையை ஆள்வாரியாகக் கலைத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் ஒரே மடையில் பாதிப் பேருக்குக் குழாய், பாதிப் பேருக்கு இல்லை என்ற, உங்கள் குலுக்கலில் வரவே முடியாத ஏற்பாடுகள் வரும். பி மதிப்பு மறுபடி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். எட்டு மடை வைத்துச் செய்த குலுக்கல் சோதனையில் யாராவது 0.001 காட்டினால் கணக்கைப் பார்க்காமலே தவறு என்று சொல்லலாம். 70 வழியில் இருபுறச் சோதனைக்கு வரக்கூடிய மிகச் சிறிய மதிப்பே 70-ல் 2, அதாவது 0.029.

இப்போது மறுகுலுக்கலுக்கு வருவோம். விதி எளிது: சீட்டை எப்படிக் குலுக்கினீர்களோ அப்படியேதான் கணினியிலும் குலுக்க வேண்டும். நாலும் கடைமடையாக வந்ததை நீங்கள் தள்ளிவிட்டீர்கள். அப்படியானால் அந்த ஏற்பாடு உங்கள் சோதனையில் நடக்கவே வாய்ப்பில்லாதது. எழுபதில் அதைச் சேர்க்கக் கூடாது. உங்கள் தரவில் நாலு கடைமடையும் எவை? 19, 21, 22, 24. அதாவது 86 கூட்டுத்தொகை வந்த அதே ஏற்பாடு! உங்களுடையதைவிடத் தீவிரமாக இருந்த ஒரே ஏற்பாட்டைத்தான் நீங்கள் தள்ளியிருக்கிறீர்கள். அதை மட்டும் எடுத்தால் மிச்சம் 69, அதில் 3; பி மதிப்பு 0.043. நாலும் தலைமடையாக வந்திருந்தாலும் தள்ளியிருப்பீர்கள் என்றால் எதிர்ப்புறத்து ஏற்பாடும் ஒன்று போகும். மிச்சம் 68, அதில் 2. பி மதிப்பு 0.029.

அதே தரவு, அதே வித்தியாசம். விதி எது என்பதைப் பொறுத்து 0.057, 0.043, 0.029. இவற்றில் எது சரி என்பதை எண்கள் சொல்லாது. குலுக்கலுக்கு முன் உங்கள் மனதில் என்ன விதி இருந்தது என்பதுதான் சொல்லும். அப்போது எழுதி வைத்திருந்தால் பிரச்சினை இல்லை. எழுதாவிட்டால், அன்று அங்கே இருந்த எல்லோரையும் தனித்தனியாகக் கேளுங்கள்: "நாலும் தலைமடையாக வந்திருந்தால் விட்டிருப்போமா? மூன்றுக்கு ஒன்று என்று வந்ததை ஏன் ஏற்றுக்கொண்டோம்?" இரண்டு பக்கமும் தள்ளியிருப்போம் என்பதுதான் நம்பக்கூடிய பதிலாக எனக்குத் தோன்றுகிறது, ஆனால் அது என் ஊகம். கட்டுரையில் மறுகுலுக்கல் நடந்ததையும், விதி பின்னால் நினைவிலிருந்து எழுதப்பட்டதையும், மூன்று மதிப்பையும் கொடுத்துவிடுங்கள். 0.029-ஐ மட்டும் எடுத்துப் போட்டால் நெறியாளர் கேட்கிற முதல் கேள்விக்கே திணற வேண்டியிருக்கும்.

அவர் கேட்கப் போகிற இரண்டாவது கேள்வி இன்னும் கடினம். மறுபடி குலுக்கியும் உங்களுக்கு மூன்று கடைமடை, ஒரு தலைமடை என்றுதான் விழுந்திருக்கிறது. கடைமடையில் தண்ணீர் வருவதே குறைவு. குழாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே பாய்ச்சல் எண்ணிக்கை குறையத்தான் செய்யும். உங்கள் தரவும் அதையே சொல்கிறது: கடைமடை நாலும் 19 முதல் 24 வரை, தலைமடை நாலும் 26 முதல் 30 வரை, ஒன்றுகூடக் கலக்கவில்லை. ஆகவே கடைமடையைக் கடைமடையோடும் தலைமடையைத் தலைமடையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். கடைமடையில் குழாய் அணியின் சராசரி 20.67, எதிரே 24, வித்தியாசம் 3.33. தலைமடையில் 26, எதிரே 28.33, வித்தியாசம் 2.33. இரண்டின் சராசரி 2.83. உங்கள் 5.25-ல் கிட்டத்தட்டப் பாதி கால்வாயில் மடை இருக்கும் இடத்தின் கைங்கரியம்.

பலர் நினைப்பதுபோல் குலுக்கல் முறை 'சராசரிகளின் வித்தியாசம்' என்ற ஒரே அளவைத்தான் ஏற்கும் என்றில்லை. ரிக்ரஷனில் இடத்தையும் சேர்த்து வரும் கெழுவை அளவாக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஏற்பாட்டுக்கும் அந்த ரிக்ரஷனைத் திரும்ப ஓட்டி, கெழுவை ஒப்பிடுங்கள். ரிக்ரஷன் தரும் திட்டப்பிழையைத் தொட வேண்டாம். நிரல் இவ்வளவுதான்:

```r
y     <- c(19, 21, 22, 26, 24, 27, 28, 30)
kadai <- c(1, 1, 1, 0, 1, 0, 0, 0)
z     <- c(1, 1, 1, 1, 0, 0, 0, 0)

stat <- function(z) coef(lm(y ~ z + kadai))["z"]

Z <- combn(8, 4, function(k) as.integer(1:8 %in% k))
Z <- Z[, colSums(Z * kadai) %in% 1:3]   # 68 columns
d <- apply(Z, 2, stat)
mean(abs(d) >= abs(stat(z)) - 1e-9)
```

இரண்டு பக்கமும் தள்ளியிருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது `Z` வரிதான் உங்கள் மறுகுலுக்கல் விதி: கடைமடையில் ஒன்று முதல் மூன்று வரை குழாய் விழுந்த ஏற்பாடுகளை மட்டும் வைத்துக்கொள்கிறது. கடைசி வரியில் `1e-9` எதற்கு என்றால், சமமாக வர வேண்டிய இரண்டு எண்கள் கணினியின் தசமக் கணக்கில் இம்மியளவு பிசகிவிடும். அதைக் கவனிக்காவிட்டால் உங்கள் சொந்த ஏற்பாட்டையே எண்ணாமல் விட்டுவிடக்கூடும். 68 வழி உள்ள இடத்தில் ஒன்று விடுபட்டாலும் முடிவு மாறும். ஓட்டினால் 68-ல் 4, அதாவது 0.059 வரும். (மடைகள் அதிகமாகி ஏற்பாடுகள் லட்சக்கணக்கில் போனால் எல்லாவற்றையும் எண்ண வேண்டாம். சில ஆயிரத்தைக் குலுக்கி எடுத்து, உங்களுடையதையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணினால் போதும்.)

நான் முதன்மையாகச் சொல்லச் சொல்வது இதைத்தான்: இடத்தைக் கணக்கில் எடுத்தால் சுமார் 2.8 பாய்ச்சல் குறைவு, பி மதிப்பு 0.059. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த அளவை நான் உங்கள் எண்களைப் பார்த்த பிறகு தேர்ந்தெடுத்தேன். இடத்தைச் சேர்ப்போம் என்று உங்கள் ஆய்வுத் திட்டத்தில் முன்பே எழுதியிருந்தால் அந்தக் குறை நீங்கும். இல்லையென்றால் இரண்டு அளவின் முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

இதில் எது உறுதி, எது உறுதியில்லை? உறுதியானது இது. குலுக்கல் நேர்மையாக நடந்து, விதியும் சரியாக எழுதப்பட்டு, அளவும் முன்பே முடிவானால், 'குழாயால் எங்கும் எதுவும் மாறவில்லை' என்ற இன்மைக் கருதுகோளுக்கு இந்தப் பி மதிப்பு துல்லியமானது. எட்டு மடைக்கும் துல்லியம், நாலுக்கும் துல்லியம்; தரவு எந்த வடிவில் பரவியிருந்தாலும் கவலையில்லை. உறுதியில்லாதது, அதைவிட மென்மையான கூற்று. சில மடைகளில் குழாயால் பாய்ச்சல் குறைந்து, வேறு சிலவற்றில் கூடி, சராசரியில் ஒன்றுமில்லை என்பதும் ஒரு சாத்தியம்தானே? அந்தச் சராசரிக் கூற்றைச் சோதிக்க இந்த முறை சின்ன எண்ணிக்கையில் உத்தரவாதம் தராது. வித்தியாசத்தை அதன் திட்டப்பிழையால் வகுத்து, அந்த விகிதத்தைக் குலுக்கினால் நிறைய மடைகள் உள்ளபோது இரண்டு கூற்றுக்கும் நன்றாகவே நிற்கும். எட்டில் அதை நம்பி நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

இன்னொரு தொல்லை புள்ளியியலில் இல்லை, கால்வாயில் இருக்கிறது. மேலே உள்ள மடைக்காரர் குழாயைப் பார்த்துத் தண்ணீரை மிச்சப்படுத்தினால் அது ஆவியாகிவிடாது, கீழே போகும். குழாய் கொடுக்காத கடைமடைக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தண்ணீர் வந்து, அங்கே பாய்ச்சல் கூடியிருக்கலாம். அப்படி நடந்திருந்தால் உங்கள் வித்தியாசம் இரண்டு பக்கமும் இழுபட்டுப் பெரிதாகத் தெரியும். 'எதுவுமே மாறவில்லை' என்ற சோதனை இதனால் கெடாது, ஏனென்றால் கசிவும் ஒரு மாற்றம்தான். ஆனால் 2.8 என்ற எண்ணைக் 'குழாய் மிச்சப்படுத்தியது இவ்வளவு' என்று படிக்க முடியாது. உங்களுக்குக் குழாய் விழுந்த தலைமடை ஒன்றே ஒன்றுதான். அதற்குக் கீழே எந்த மடை இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். சராசரி 24 வந்த, குழாய் கொடுக்காத அந்தக் கடைமடையாக இருந்தால் இதைக் கட்டாயம் எழுத வேண்டும்.

அடுத்த பிசானத்துக்கும் திட்டம் இருக்கும் என்று நினைக்கிறேன். இந்தத் தடவை பட்டதால் பலரும் "தலைமடையில் இரண்டு, கடைமடையில் இரண்டு என்று பிரித்துக் குலுக்கிவிடுவோம்" என்பார்கள். யோசனை நல்லது, ஆனால் எட்டு மடையில் செய்யாதீர்கள். நாலில் இரண்டை எடுக்க 6 வழி, இரு பக்கமும் சேர்த்து 36 வழி. நினைத்ததிலேயே மிகச் சிறந்த முடிவு வந்தாலும் பி மதிப்பு 36-ல் 2, அதாவது 0.056. குழாய் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் 0.05-க்குக் கீழே போகவே முடியாது. ஜோடி ஜோடியாகப் பிரித்தால் இன்னும் மோசம்: நாலு ஜோடிக்கு 16 வழி, மிகச் சிறிய மதிப்பு 0.125. அதே பிரித்துக் குலுக்கலைத் தலைமடை ஆறு, கடைமடை ஆறு என்று 12 மடையில் செய்தால், ஒவ்வொரு பக்கமும் 20 வழி, மொத்தம் 400. மிகச் சிறிய மதிப்பு 0.005. மடைக்கு 20 பேரைக் கேட்பதற்குப் பதில் 12 பேரைக் கேட்டாலும், பேட்டி எண்ணிக்கை 144-தான் ஆகும், பேட்டிச் செலவும் ஏறாது. தலைமடை, கடைமடை என்று பிரித்துக் குலுக்குவதால் நாலும் ஒரே பக்கம் விழுகிற பேச்சே வராது, மறுகுலுக்கலும் தேவைப்படாது. வேறு எதற்காவது மறுபடி குலுக்க நேரும் என்று தோன்றினால், எந்தெந்த ஏற்பாட்டைத் தள்ளுவீர்கள் என்று சீட்டை மடிக்கும் முன்பே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, நெறியாளருக்கு ஒரு நகலைக் கொடுத்துவிடுங்கள்.